மேசையில் கிடக்கும் கறுப்புக் கல்: குரோமைட் அடுக்குகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாபிரிக்கச் சுரங்கம் ஒன்றில் சில ஆண்டுகள் துளைக் கல் பார்த்து எழுதும் வேலை செய்தேன். துளைக் கல் என்பது நிலத்தைத் துளைத்து எடுக்கும் நீண்ட கல் உருளை. யாழ்ப்பாணம் திரும்பும்போது அரைச் செங்கல் அளவில் ஒரு கறுப்புக் கல்லைக் கொண்டுவந்து முன்கூடத்து மேசையில் வைத்தேன். அன்று தொடங்கியது. வீட்டுக்கு வருபவர்கள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்பதும், என்னிடம் படிக்க வரும் உயர்தரப் பிள்ளைகள் கேட்பதும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருமுறையும் சொல்லிக்கொண்டிருக்காமல் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. இதென்ன கல்லு, இரும்பு மாதிரிப் பாரமாக் கிடக்கு?

இது குரோமைட். இரும்பு, குரோமியம், ஒட்சிசன் சேர்ந்த கனியம். பாடப்புத்தகச் சூத்திரம் FeCr₂O₄. இயற்கையில் மக்னீசியமும் அலுமினியமும் கொஞ்சம் கலந்திருக்கும். எங்கள் சுண்ணாம்புக்கல் ஒரு லீற்றர் அளவில் இரண்டரைக் கிலோ வரும். அதே அளவில் இந்தக் கல் நாலு கிலோவைத் தாண்டும்.

குசினியில் ‘சில்வர்’ என்று சொல்லும் துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரங்களில் குரோமியம் இருக்கிறது. குரோமியம் எடுக்க உலகில் வேறு தாது கிடையாது, குரோமைட் மட்டும்தான்.

2. அடுக்கு அடுக்கா இருக்கு எண்டா கடலடியில படிஞ்சதுதானே? கீரிமலைப் பக்கம் தெரியிற மாதிரி?

இல்லை. கீரிமலையில் தெரிவது மயோசீன் காலத்துக் கடலில் உயிரினங்களின் ஓடுகளும் சுண்ணச் சேறும் படிந்து இறுகிய பாறை. உடைத்தால் சிப்பி கிடைக்கும். என் மேசைக் கல் வந்த அடுக்குகள் கடலைப் பார்த்ததே இல்லை. நிலத்துக்குக் கீழே சில கிலோமீற்றர் ஆழத்தில், 1200 பாகை செல்சியஸ் அளவில் உருகிக் கிடந்த பாறைக்குழம்பு மெல்ல ஆறியபோது உண்டானவை.

ஆனாலும் படிவுப் பாறை என்று நினைத்தவரைக் குறைசொல்ல முடியாது. வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று கோடு போட்டது போலப் பிரிந்து, கிலோமீற்றர்க் கணக்கில் நீண்டு கிடக்கும். இப்படி ஆறிய பாறைத் தொகுதியை அடுக்குத் தலையீடு என்று அழைப்பார்கள். தலையீடு என்றால் குழம்பு மேலே வந்து வழியாமல் பழைய பாறைகளுக்கு இடையில் புகுந்து தங்கியது என்று அர்த்தம்.

3. எவ்வளவு பெருசு இருக்கும்? ஒரு பெரிய குளமளவு எண்டு வைக்கலாமா?

தென்னாபிரிக்காவின் புஷ்வெல்ட் தொகுதிதான் இவற்றில் பெரியது. அதன் பரப்பு ஏறக்குறைய 65,000 சதுர கிலோமீற்றர் என்று வழக்கமாகச் சொல்வார்கள். இலங்கை முழுவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரைக்கும், ஏழெட்டு கிலோமீற்றர் தடிப்பில் ஒரு பாறைத்தட்டு கிடக்கிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது சுமார் 205 கோடி ஆண்டுகள்.

அந்தத் தடிப்புக்குள் குரோமைட் அடுக்குகள் மெல்லிய கோடுகள் மட்டுமே. கீழ், நடு, மேல் என மூன்று கூட்டமாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். என் கல் மேல்கூட்டத்தின் இரண்டாவது அடுக்கு, யூஜி-2. பெரும்பாலான இடங்களில் ஒரு மீற்றர் முன்பின்னான தடிப்புத்தான், ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம் தொடர்ந்து போகிறது. கொழும்புக்குப் போகும் தூரம் முழுவதும் இடுப்பளவு தடிப்பில் ஒரே கறுப்புப் படை. முதல்முதல் கேட்டபோது நானே நம்பவில்லை.

4. பாரமான பளிங்கு அடியில போகும், பாரம் குறைஞ்சது மேல நிக்கும். உதுக்கு என்ன பெரிய விளக்கம்?

நூறு வருடத்துக்கு மேலாகச் சொல்லப்படும் விளக்கமும் இதுதான், பாதி சரி. 1915-ல் போவன் என்ற ஆய்வாளர் சிறு கிண்ணத்தில் பாறைக்குழம்பை உருக்கி, ஒலிவீன் என்ற கனியத்தின் பளிங்குகள் அடிக்குத் தாழ்வதைக் காட்டினார். பளிங்கு தாழ்கிறது என்பதில் சந்தேகமில்லை. தாழும் வேகத்தைக் கணக்குப் பார்த்தால்தான் சிக்கல் வெளியே வருகிறது. உயர்தரப் பௌதிகத்தில் வரும் ஸ்ரோக்ஸ் விதியே போதும்:

```
v = 2 (ρ₁ − ρ₂) g r² / (9 η)
```

v தாழும் வேகம், ρ₁ பளிங்கின் அடர்த்தி, ρ₂ குழம்பின் அடர்த்தி, g புவியீர்ப்பு ஆர்முடுகல், r பளிங்கின் ஆரை, η குழம்பின் பிசுக்குமை. குழம்பின் அடர்த்தியை 2700 என்றும் (கனமீற்றருக்குக் கிலோகிராமில்) பிசுக்குமையைத் தேனைவிடச் சில மடங்கு கூடிய 50 பஸ்கால் செக்கன் என்றும் எடுப்போம். ஒலிவீனின் அடர்த்தி 3300, குரோமைட் 4500. இனிப் பருமன். இந்தப் பாறைகளில் ஒலிவீன் பளிங்கு இரண்டு மில்லிமீற்றர் விட்டத்தில் இருப்பது சாதாரணம். குரோமைட் மணியோ பொடி, பல இடங்களில் 0.2 மில்லிமீற்றர்தான். போட்டுப் பார்த்தால் ஒலிவீன் நாளுக்கு 2.3 மீற்றர் தாழும், குரோமைட் நாளுக்கு 7 சென்ரிமீற்றர் தாழும். பாரமானது முப்பது மடங்கு மெதுவாகப் போகிறது!

காரணம் சூத்திரத்திலேயே இருக்கிறது. அடர்த்தி வித்தியாசம் ஒரு தடவைதான் பெருக்கப்படுகிறது, ஆரை இரண்டு தடவை. குரோமைட்டுக்கு அடர்த்தியில் கிடைக்கும் மூன்று மடங்கு ஆதாயத்தை ஆரையில் வரும் நூறு மடங்கு நட்டம் விழுங்கிவிடுகிறது. ஆகவே எல்லாப் பளிங்கும் ஒரே குழம்பில் கலந்து கிடந்து நிறைப்படி பிரிந்தது என்றால், அடியில் முதலில் சேர வேண்டியது ஒலிவீன். குரோமைட் தனி அடுக்காக வரவே கூடாது.

5. அப்ப புல்மோட்டைக் கறுப்பு மணல்? அது பாரத்தாலதானே பிரிஞ்சு கிடக்கு?

நல்ல கேள்வி. இதைக் கேட்ட பிள்ளைக்கு அன்று ஒரு தேத்தண்ணி கூடக் கிடைத்தது. புல்மோட்டையில் இருப்பது இல்மனைட். அடர்த்தியில் குரோமைட்டின் அயலவர். ஆனால் அங்கே கறுப்பு மணல் வெறுமனே தாழ்ந்ததால் பிரியவில்லை. தண்ணீரிலும் மேலே சொன்னது போலத்தான், சிறிய பாரமான மணியும் பெரிய பாரமற்ற மணியும் ஒரே வேகத்தில் விழுந்து ஒன்றாகவே கிடக்கும். பிறகு அலை வந்து வந்து அடிக்கும்போது மேலே துருத்தி நிற்கும் பெரிய வெள்ளை மணியை இழுத்துக்கொண்டு போகிறது. இடுக்குக்குள் ஒளிந்திருக்கும் சிறிய கறுப்பு மணி தங்கிவிடுகிறது. பிரித்தது அலை.

பாறைக்குழம்பிலும் இப்படி ஒன்று நடந்திருக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். குழம்பு தேங்கி நிற்கும் பெரிய நிலத்தடி அறையின் நடுப்பகுதி பாரத்தால் கீழே இறங்கும்போது, அடியில் அரைகுறையாக இறுகிக் கிடந்த பளிங்குச் சேறு சரிந்து ஓடும். அந்த ஓட்டத்தில் சிறிய மணிகள் பெரியவற்றின் இடைவெளிகளுக்குள் விழுந்து அடிக்குப் போய்ச் சேரும். அரிக்கன் சட்டியில் அரிசி அரிக்கிற அம்மாமாருக்கு இது விளங்கும். சட்டியைச் சும்மா வைத்தால் கல் பிரியாது, சுழற்றி ஆட்ட வேண்டும். இந்த விளக்கத்தில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். பிரிப்பதற்கு அந்தச் சேற்றில் போதிய குரோமைட் இருக்க வேண்டுமே? அடுத்த பதிலைப் பாருங்கள்.

6. சேர், தாழுற வேகத்தால இல்லையெண்டா குரோமைட் மட்டும் எப்பிடித் தனிச்சு வந்தது?

குழம்பு ஆறும்போது ஒலிவீனும் குரோமைட்டும் சேர்ந்தே வெளிவரும் ஒரு கட்டம் இருக்கிறது. அப்போது வெளிவரும் பளிங்கில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான் குரோமைட், மற்றதெல்லாம் ஒலிவீன். குழம்பில் குரோமியம் மிகச் சொற்பம் என்பதால் இந்த விகிதம் மாறாது. ஆகவே வழமையான பாதையில் ஆறினால், குரோமைட் புள்ளி போட்ட ஒலிவீன் பாறைதான் கிடைக்கும். புஷ்வெல்டின் அடிப்பகுதியில் அப்படிப்பட்ட பாறை நிறைய உண்டு.

என் மேசைக் கல்லில் முக்கால் பங்குக்கு மேல் குரோமைட். அப்படியென்றால் ஏதோ ஒரு நேரம் குழம்பு அந்த வழமையான பாதையை விட்டு விலகி, மற்றப் பளிங்குகள் எல்லாம் நிற்க, குரோமைட்டை மட்டும் பளிங்காக்கியிருக்க வேண்டும். ‘ஏன் தாழ்ந்தது’ என்று கேட்பதை விட்டுவிட்டு ‘ஏன் மற்றது நின்றது’ என்று கேட்க வேண்டும். ஒலிவீன் பளிங்காவது நின்றுவிட்டால், குரோமைட் எவ்வளவு மெதுவாகத் தாழ்ந்தாலும் பரவாயில்லை. அடியில் வந்து சேர்வது அது மட்டும்தான்.

7. சரி, ஏன் நிண்டது?

அதிகம் பேசப்படும் விடை, புதுக் குழம்பு வந்து பழையதோடு கலந்தது என்பது. 1977-ல் இர்வின் என்பவர் கனடாவின் மஸ்கொக்ஸ் தொகுதியை வைத்து இதைச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் அவரே வேறு விளக்கம் சொல்லியிருந்தார், அதை எட்டாவது கேள்வியில் பார்ப்போம்.

படம் இல்லாமல் விளக்க ஒரு கடற்கரையை எடுக்கிறேன். உள்ளே வளைந்த ஒரு குடாவை நினையுங்கள். கரைக்கு உட்பக்கத் தரை ஒலிவீன் பளிங்காகும் பகுதி, கடல் குரோமைட் பளிங்காகும் பகுதி. கரை, இரண்டும் சேர்ந்து வரும் எல்லை. சாதாரணமாக ஆறும் குழம்பு கரையோரமாகவே நடக்கிறது, தரைக்கும் ஏறாது, கடலுக்கும் இறங்காது. அறையில் முன்பே கிடந்து கொஞ்சம் ஆறிய குழம்பு குடாவின் ஒரு முனையில் நிற்கிறது. ஆழத்திலிருந்து புதிதாக வந்தது மறு முனையில். இரண்டையும் கலந்தால், கலவையின் இடம் இரண்டு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டில்தான் வரும். கரை வளைந்தது, கோடு நேரானது. ஆகவே கோடு கடலுக்கு மேலால் போகும். இரண்டு குழம்பும் தனித்தனியே கரையில் நின்றவை, கலந்தவுடன் கடலுக்குள்!

கடலுக்குள் நிற்கும் கலவை குரோமைட்டை மட்டும் வெளியே தள்ளும். தள்ளத் தள்ள அதிலுள்ள குரோமியம் குறைந்து, திரும்பக் கரைக்கு வரும். கரையைத் தொட்டதும் ஒலிவீனோ, பைரொக்சீன் என்ற இன்னொரு கனியமோ மறுபடி தொடங்கும், குரோமைட் அடுக்கு முடியும். அடுக்குகளுக்குக் கத்தியால் வெட்டியது போன்ற விளிம்பு இருப்பதற்கு இது பொருந்துகிறது. இன்னொரு முறை புதுக் குழம்பு வந்தால் இன்னொரு அடுக்கு.

8. கலக்காமல் வேற வழியால வர ஏலாதா?

ஏலும். இர்வின் 1975-ல் சொன்னது, அறையின் கூரையிலுள்ள சிலிக்கா கூடிய பாறை உருகிக் குழம்பில் கலந்தது என்று. அதுவும் குழம்பைக் கடல்பக்கம் தள்ளும். இன்னொரு வழி அமுக்கம். ஆழத்தில் அமுக்கம் கூட இருக்கும்போது கரை ஓரிடத்தில் இருக்கும். குழம்பு மேலே ஏறி அமுக்கம் குறையும்போது கரையே தரைப்பக்கம் நகர்ந்துவிடும். நின்ற இடத்திலேயே நின்றவன் தண்ணீருக்குள். ஜொகன்னஸ்பேர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2018-ல் புஷ்வெல்டுக்கு இதைத்தான் முன்வைத்தது.

எது சரி என்று என்னைக் கேட்டால், ஒரே விடை எல்லா அடுக்குக்கும் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை என்பேன். ஆனால் எல்லா விளக்கத்துக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து புதுக் குழம்பு வந்தே ஆக வேண்டும். அது ஏன் என்று அடுத்த கணக்கில் தெரியும்.

9. ஒரு மீற்றர் அடுக்கு வர எவ்வளவு குழம்பு வேணும்?

இதைப் பேப்பரில் போட்டே பாருங்கள். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மீற்றர் தடிப்பு அடுக்கை எடுப்போம். இடையில் இருக்கும் மற்றக் கனியங்களைக் கழித்தால் குரோமைட் ஏறக்குறைய 4 தொன். அதில் குரோமியம் நூற்றுக்கு 30 பங்கு, அதாவது 1200 கிலோ.

இனிக் குழம்பு. புஷ்வெல்டை ஊட்டிய குழம்பு குரோமியம் கூடிய வகை, இருந்தும் ஒரு தொன்னில் ஒரு கிலோதான். ஒரு கனமீற்றர் குழம்பு 2.7 தொன், அதில் 2.7 கிலோ குரோமியம். முழுவதும் வெளியே வராது. பாதி வரும் என்று தாராளமாக எடுத்தால் 1.35 கிலோ. 1200-ஐ 1.35-ஆல் பிரியுங்கள். ஒரு மீற்றர் அடுக்குக்கு மேலே ஏறக்குறைய 900 மீற்றர் உயரக் குழம்பு நின்றிருக்க வேண்டும். பாதி என்பது கூடிப்போன மதிப்பு. கால்பங்குதான் வரும் என்று எடுத்தால் 1800 மீற்றர்.

இப்படி ஒரு டசினுக்கு மேற்பட்ட அடுக்குகள் சில நூறு மீற்றருக்கு ஒன்றாகவும் அதைவிட நெருங்கியும் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் குழம்பு கூட்டினால் இன்று அங்கே இருக்கும் பாறையின் தடிப்பு போதாது.

10. அப்ப அந்தக் குழம்பெல்லாம் எங்க போச்சு?

இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒன்று, குழம்பு அறைக்குள் வந்து, குரோமைட்டை இறக்கிவைத்துவிட்டு, மறுபக்கத்தால் வெளியேறியது. குளத்தில் நிற்கும் தண்ணீர்போல இல்லாமல் வாய்க்காலில் ஓடும் தண்ணீர்போல. வெளியே போனது எரிமலையாக வழிந்திருக்கலாம், பிறகு அரித்துப் போயிருக்கலாம். இரண்டாவது, குரோமைட் இந்த அறையில் உண்டாகவே இல்லை. ஆழத்தில் வேறோர் அறையில் பளிங்காகி, குழம்போடு கூழாக மேலே வந்து பரவியது. ஒடியல் கூழில் மீன் துண்டு வருவது போல என்று ஒரு மச்சானுக்குச் சொன்னேன், அதற்குப் பிறகு அவர் கவனம் கூழில்தான் இருந்தது.

இரண்டாவது விளக்கத்தில் எனக்குத் தடங்கல் ஒன்று உண்டு. நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் தடிப்பில் சமனாகப் பரவ, அந்தக் கூழ் எவ்வளவு ஐதாக இருந்திருக்க வேண்டும்? பாரமான சேறு வாசலுக்குக் கிட்டத் தடிப்பாகவும் தூரத்தில் மெல்லியதாகவும்தான் படியும். யூஜி-2 அப்படி ஒரு பக்கமாகத் தடித்துக்கொண்டு போவதில்லை.

11. தாழாமல் அடியிலேயே முளைச்சு வளர்ந்திருக்க ஏலாதா? பனங்கற்கண்டு நூலில பிடிக்கிற மாதிரி?

உவமை மிகப் பொருத்தம். பனங்கற்கண்டு காய்ச்சுபவர்கள் பாகைச் சட்டியில் விட்டு நூல் தொங்கவிட்டு அசைக்காமல் வைப்பார்கள். பளிங்கு அடியிலும் இருக்கும், நூலிலும் இருக்கும், சட்டியின் பக்கத்திலும் இருக்கும். தாழ்ந்து வந்தது மட்டும் என்றால் பக்கத்தில் ஒட்டியிருக்காது. சட்டியின் பக்கத்தைப் பார்த்தே எப்படி உண்டானது என்று சொல்லிவிடலாம்.

புஷ்வெல்டிலும் அந்தச் சட்டிப் பக்கத்தைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். குரோமைட் படிவதற்கு முன் பழைய அடித்தளம் சில இடங்களில் அரிக்கப்பட்டுக் குழிகளாகியிருக்கிறது. அந்தக் குழிகளின் செங்குத்துச் சுவரிலும், மேலே துருத்தி நிற்கும் பாறையின் அடிப்பக்கத்திலும்கூடக் குரோமைட் ஒட்டியிருப்பது காணப்பட்டுள்ளது. மேலிருந்து விழுந்த மணி கூரையின் கீழ்ப்பக்கத்தில் ஒட்டாது. அந்த இடங்களிலாவது அது நின்ற இடத்தில் வளர்ந்ததுதான்.

டுவார்ஸ் ஆற்றங்கரையில் யூஜி-1 அடுக்கு வெளியே தெரியும் இடம் ஒன்று இருக்கிறது, பாதுகாக்கப்பட்ட இடம். அனோர்த்தோசைட் என்ற வெள்ளைப் பாறைக்குள் கறுப்புக் கோடுகள் இரண்டாகப் பிரிந்து, கொஞ்சத் தூரம் போய் மறுபடி சேர்கின்றன. படத்தில் பார்த்தவர்கள் யாரோ கீறியது என்று நினைப்பார்கள். இன்னொரு விஷயம்: அனோர்த்தோசைட்டின் கனியமான பிளேஜியோகிளேஸ் அடர்த்தியில் குழம்போடு கிட்டத்தட்டச் சமன், தாழவே விரும்பாது. அதுவும் குரோமைட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டிருப்பதை நாலாவது கேள்வியின் விளக்கத்தால் மட்டும் சமாளிக்க முடியாது.

12. சுரங்கத்துக்குள்ள அடுக்கு திடீரெண்டு காணாமல் போகுமாமே, உண்மையா?

உண்மை. மேலே சொன்ன குழிகள்தான் காரணம். சிலது சில மீற்றர் அகலம், சிலது நூறு மீற்றருக்கு மேல். அடுக்கு சமனாக வந்துகொண்டிருக்கும், திடீரெனச் சாய்ந்து குழிக்குள் இறங்கிவிடும். ஒருமுறை எதிர்பார்த்த ஆழத்தில் துளைக் கல்லில் யூஜி-2 இல்லை. பிளவு வழியே பாறை நழுவியிருக்கிறது என்று எழுதிவிட்டேன். பத்துப் பன்னிரண்டு மீற்றர் கீழே கறுப்புப் படை வந்தது. ‘பிளவுதான்’ என்று எனக்கு மேலும் உறுதியாகிவிட்டது. மூத்தவர் ஒருவர் வந்து துளைக் கல் பெட்டியைத் திரும்பப் பார்த்து, கீழே என்ன பாறை என்று கேட்டார். அப்போதுதான் பிழை விளங்கியது.

பிளவென்றால் அடுக்குக்கு மேலே உள்ளதும் கீழே உள்ளதும் சேர்ந்தே அதே அளவு நகர்ந்திருக்கும், வரிசை மாறாது. குழியென்றால் அடுக்குக்கு நேர் கீழே வரவேண்டிய பாறைகள் காணாமல் போயிருக்கும், அடுக்கு வழமையைவிட ஆழத்திலுள்ள வேறொரு பாறையின் மேல் நேரடியாக உட்கார்ந்திருக்கும். மேலே போகப்போகப் படைகள் சமனாகிவிடும். எனது துளைக் கல்லில் கீழே மூன்று படைகள் இல்லை. பிளவென்று நம்பி அந்தப் பக்கத்தால் சுரங்கப்பாதை வெட்டியிருந்தால், மறுபக்கம் அடுக்கு பழைய உயரத்துக்கே ஏறிவிட்டதைக் கண்டு முழித்திருப்பார்கள்.

13. காந்தம் ஒட்டினா குரோமைட் எண்டு சொல்லலாமா?

எதிர்ப்பக்கமாகச் சொல்லுங்கள். நன்றாக இழுத்து ஒட்டினால் அது பெரும்பாலும் மக்னடைட் என்ற இரும்புக் கனியம். குரோமைட்டைக் காந்தம் கொஞ்சம்தான் இழுக்கும், கையில் உணரக்கூட மாட்டீர்கள். நிச்சயமாகத் தெரிய மெருகில்லாத ஓட்டுத் துண்டில் உரசிப் பாருங்கள். மக்னடைட் கறுப்புக் கோடு போடும், குரோமைட் கபிலக் கோடு.

புஷ்வெல்டின் மேல்ப்பகுதியில் மக்னடைட் அடுக்குகளும் இருக்கின்றன, தூரத்தில் பார்க்க ஒரே கறுப்பு. அங்கே குரோமைட் அடுக்கு வராததற்குக் காரணம், குரோமியம் அதற்குள் முடிந்துபோனது. பைரொக்சீன் பெருமளவில் பளிங்காகத் தொடங்கியதும் மிச்சக் குரோமியத்தைத் தன்னுடன் எடுத்துக்கொண்டுவிடும். ஆகவே அடியில் குரோமைட், உச்சியில் மக்னடைட் என்ற வரிசையை நிறை தீர்மானிக்கவில்லை. எந்த மூலகம் எப்போது தீர்ந்தது என்பதுதான் தீர்மானித்தது.

14. உதுக்குள்ள பிளாட்டினம் இருக்காமே? அப்ப உங்கட மேசையில எவ்வளவு காசு கிடக்கு?

யூஜி-2-ஐ வெட்டுவதே முக்கியமாகப் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகியவற்றுக்காகத்தான். ஆனால் ஒரு தொன் கல்லில் சில கிராம் மட்டுமே. என் கல் நாலு கிலோ. கணக்கை நீங்களே போடுங்கள், கள்ளன் வரவேண்டிய தேவை இல்லை.

15. எங்கட நாட்டில இருக்கா? காணியில கிணறு வெட்டேக்கை கறுப்புக் கல் ஒண்டு வந்தது, கொண்டுவந்து காட்டட்டா?

யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டும் ஆழத்தில் இருப்பது சுண்ணாம்புக்கல், மேலே செம்மண். இலங்கையில் இப்படியான குரோமைட் அடுக்குத் தொகுதி கிடையாது. தெற்கில் உஸ்ஸங்கொடவில் சேர்ப்பென்டினைட் என்ற பாறை இருக்கிறது, அங்கே மண்ணில் நிக்கலும் குரோமியமும் கூட. ஆனால் அது அடுக்குத் தலையீடு அல்ல. எங்களுக்குக் கிட்ட, தமிழ் பேசும் இடத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிதான். அனோர்த்தோசைட்டுக்குள் மெல்லிய குரோமைட் படைகள் அங்கே இருக்கின்றன. பின்னர் வெப்பத்திலும் அமுக்கத்திலும் அவிந்து உருமாறியவை, குரோமியம் குறைவு, அலுமினியம் கூட. வெட்டி விற்க வாய்ப்புக் குறைவு. அங்கத்தைய அனோர்த்தோசைட்டை அரைத்துத்தான் இந்திய விண்வெளி ஆய்வுக்காரர் சந்திர மண்ணுக்கு மாற்று மண் செய்தார்கள்.

கிணற்றுக் கல்லைக் கொண்டுவாருங்கள், பார்ப்போம். வருவதற்கு முன் ஓட்டில் உரசி, காந்தம் வைத்து, கையில் பாரம் பார்த்துவிட்டு வாருங்கள். இதுவரை வந்த ஏழு கற்களில் மூன்று கொல்லன் பட்டறைக் கசடு, இரண்டு இரும்புக்கறை ஏறிய சுண்ணாம்புக்கல், ஒன்று பழைய தார்க் கட்டி. ஏழாவது, ஒரு பக்கம் தேய்ந்த அம்மிக் குழவி. அதைக் கொண்டுவந்த அன்ரி திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டா.